படம் எடுப்பதற்கு முன்பே பெயரை மறைத்துவிடுங்கள்

பினாங்கில் நாலைந்து இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் சேர்ந்து, திருத்தத்தை ஒத்துப் பார்ப்பதற்காகக் கட்டுரைகளைப் புலனத்தில் பகிர்ந்துகொள்கிறோம். ஒருவர் 18 புள்ளி கொடுத்த கட்டுரைக்கு இன்னொருவர் 24 கொடுப்பார். பேசிப் பார்த்தால்தான் யார் எங்கே தவறவிட்டார் என்று தெரியும். இந்தப் பழக்கம் நிற்கக்கூடாது. ஆனால் படங்களை அனுப்பும் விதத்தை நாம் மாற்றியே ஆக வேண்டும்.

போன வாரம் படிவம் 5 டிரையல் தாள் ஒன்று வந்தது. பெயரின் மேல் கறுப்பாகத் தேய்த்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, கைப்பேசியிலேயே படத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். கறுப்புக்கு அடியிலிருந்து மாணவியின் பெயர் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. உடனே அந்த ஆசிரியைக்கு அழைத்தேன்.

"அக்கா, நான் மூன்று தடவை தேய்த்தேனே!"

"தேய்த்தது ஹைலைட்டர்மா. எத்தனை தடவை தேய்த்தாலும் அடியில் இருப்பது கொஞ்சம் தெரியத்தான் செய்யும்."

கைப்பேசியில் படத்தின் மேல் எழுதும் கருவிகளில் சாதாரணப் பேனாவும் ஹைலைட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஹைலைட்டர் மை கண்ணாடி மாதிரி. அதை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினால் நம் கண்ணுக்கு எல்லாம் கறுப்பாகத் தெரியும். ஆனால் எழுத்து இருந்த இடத்துக்கும் வெற்றுத்தாள் இருந்த இடத்துக்கும் உள்ள சிறு வேறுபாடு படத்துக்குள் அப்படியே இருக்கும். வெளிச்சத்தை ஏற்றினால் அது வெளியே வந்துவிடும். அவர் உடனே படத்தை அழித்தார். அதற்குள் கேலரியில் சேமித்தவர்களிடம் அது தங்கியிருக்கலாம்.

அதே தாளில் அங்கா கிலிரானை யாரும் தொடவே இல்லை. "எண்தானே அக்கா" என்றார். அந்த எண்ணின் முன்பகுதி தேர்வு நிலையத்தைக் காட்டும், கடைசி இலக்கங்கள் மாணவரின் வரிசையைக் காட்டும். பள்ளியின் பெயர்ப்பட்டியல் கையில் இருந்தால், அந்த எண்ணே பெயர்தான். ஐ.சி. எண்ணும் அட்டைப்பக்கத்தில் சேர்ந்து வந்தால் இன்னும் மோசம். அதன் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. எஸ்.பி.எம். முடிவைக் குறுஞ்செய்தியில் பார்க்கக் கேட்பதும் இந்த இரண்டு எண்களைத்தான். ஒரு பிள்ளையின் முடிவை அவள் பார்ப்பதற்கு முன்பே வேறொருவர் பார்க்க நாமே வழிசெய்து கொடுக்கலாமா?

அதனால் நான் இப்போது மறைக்கும் வேலையைத் தாளிலேயே முடித்துவிடுகிறேன். மணிலா அட்டையை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். அதைப் பெயர், எண், வகுப்பு இருக்கும் மேல்பகுதியில் வைத்து, அப்புறம்தான் படம் எடுப்பேன். படத்துக்குள் வராத பெயரை யாராலும் மீட்க முடியாது. அட்டையின் மேல் "க7" என்பது போல ஒரு குறியீட்டை எழுதிவிடுவேன். எந்தக் குறியீடு யாருக்கு என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும். இதில் ஒரு கவனம் வேண்டும்: வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே க1, க2 என்று கொடுத்தால் ஏழாவது பெயர் யாருடையது என்பதை எவரும் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறதா? சரி, முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடி, திரைப்பிடிப்பு எடுத்து, அதை மட்டும் அனுப்புங்கள். பி.டி.எஃப். கோப்பில் கட்டம் போட்டு அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே கட்டம் மேலே மிதக்கும் ஒரு தாள் மாதிரி, பல செயலிகளில் அதை நகர்த்திவிடலாம். கோப்பின் பெயரையும் பாருங்கள். உள்ளே எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, கோப்புக்கு மாணவியின் பெயரையும் வகுப்பையும் வைத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்த்தாளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கடிதம் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் முகவரியில் சொந்த வீட்டையும், "இப்படிக்கு" என்பதற்குக் கீழே சொந்தப் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். அட்டைப்பக்கத்தை மூடிவிட்டு நாம் நிம்மதியாக இருப்போம், நான்காம் பக்கத்தில் பெயர் முழுசாக நிற்கும். அதனால் அனுப்புமுன் கடைசி வரி வரை ஒரு தடவை படியுங்கள்.

கையெழுத்தை மட்டும் எந்த அட்டையாலும் மறைக்க முடியாது. எங்கள் குழுவிலேயே ஓர் ஆசிரியர், "டீச்சர், இது எங்க அண்ணன் மகள் எழுத்து மாதிரி இருக்கே" என்று எழுதினார், பெயர் எதுவும் இல்லாத ஒரு பக்கத்தைப் பார்த்து. அதிலிருந்து நான் முழுக் கட்டுரையை அனுப்புவதில்லை. புள்ளியில் எனக்கு ஐயமுள்ள ஒரு பத்தியை மட்டும் எடுத்து, அந்த மாணவரின் பள்ளியில் இல்லாத இரண்டு பேருக்கு அனுப்புகிறேன்.