‘தீர்க்கப்பட்டது’ என்று முடிவு செய்ய நீங்கள் யார்?

நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நேற்றே பார்த்திருப்பீர்கள். மேலே ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி’ என்ற குறுஞ்செய்தி. கீழே அதே நேரத்தில் எடுத்த படம், மேன்ஹோல் மூடியைத் தாண்டி வழிகிற சாக்கடை. சிரித்துவிட்டுப் போனவர்களுக்கு நன்றி. “யாரோ தெரியாம அழுத்தியிருப்பாங்க, விடுங்க சார்” என்று எழுதியவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. யாரும் தெரியாமல் அழுத்தவில்லை. அழுத்துகிற மாதிரிதான் அந்தப் புகார் அமைப்பே இருக்கிறது.

புகார் பதிவானதும் முதல் நிலை அலுவலருக்குப் போகிறது. அவருக்கு ஒரு கெடு. கெடு தாண்டினால் புகார் தானாகவே மேலதிகாரியின் பட்டியலுக்கு ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தீர்க்கப்பட்டது’ என்கிற பொத்தானும் அதே முதல் நிலை அலுவலரிடமே இருக்கிறது. கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அதை அழுத்திவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். மேலே எதுவும் ஏறாது. மேலதிகாரியின் திரையில் எல்லாம் பச்சை. கெடுவை ஒரு வாரத்திலிருந்து மூன்று நாளாகக் குறையுங்கள், ஒரு நாளாகக் குறையுங்கள். மூடுகிற உரிமை கை மாறாதவரை, மூடுவதுதான் வேகமாக நடக்கும். சாக்கடை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதை வெளியிலிருந்து ஊகித்துச் சொல்லவில்லை. ஒரு தனியார் சேவை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் எங்கள் ஷிப்ட் தலைவர் வந்து நிற்பார். அவருக்குக் கடிகாரத்தை நிறுத்துகிற வித்தைகள் எல்லாம் அத்துப்படி. ‘வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று நிலையை மாற்றினால் கெடு ஓடாது. வாடிக்கையாளரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். வேறு பிரிவுக்குத் தள்ளிவிட்டால் அங்கே கெடு முதலிலிருந்து தொடங்கும். பழைய எண்ணை மூடிப் புது எண் போட்டால் ஒரே கோளாறு இரண்டு ‘தீர்க்கப்பட்ட’ புகார்களாகக் கணக்கில் ஏறும். அந்த மாத அறிக்கைக்கு மேலிடத்தில் கைதட்டல் கிடைக்கும்.

எங்கள் மேன்ஹோலுக்கு நடந்ததும் இதுதான். ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கம்பி விட்டுக் குத்திவிட்டுப் போகிறார்கள், மூடுகிறார்கள். சில நாளில் மறுபடி அடைக்கிறது. மறுபடி புகார், மறுபடி புது எண். ஒரே இடத்தில் ஒரே புகார் முப்பது நாளுக்குள் திரும்ப வந்தால் அது புதுப் புகார் இல்லை, பழையது தீரவே இல்லை என்று அர்த்தம். அந்த எண்ணே மறுபடி திறக்க வேண்டும், அதுவும் நேராக இரண்டாம் நிலையில். ஏனென்றால் அடைப்பு எடுப்பது ஒரு நாள் வேலை. குழாயே உள்ளுக்குள் இடிந்து உட்கார்ந்திருந்தால் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று மாதங்கள் ஆகும். இரண்டுக்கும் ஒரே கெடு வைத்தால் முதல் நிலை அலுவலர் பொய் சொல்வதைத் தவிர வேறென்ன செய்வார்? ‘இப்போதைக்கு அடைப்பு எடுத்தாச்சு, குழாய் மாற்ற மதிப்பீடு அனுப்பியிருக்கிறோம், இன்ன தேதிக்குள் அடுத்த தகவல்’ என்று ஒரு இடைக்காலப் பதில் வந்திருந்தால் நான் நேற்று அந்தப் படத்தையே போட்டிருக்க மாட்டேன்.

“எல்லா இடத்திலும் அப்படித்தான்” என்பார்கள். இல்லை. மத்திய அரசின் சிபிகிராம்ஸ் புகார் தளத்தில் 2024 ஆகஸ்டில் கெடுவை 30 நாளிலிருந்து 21 நாளாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே, 2022இல், புகார் மூடியபின் கால் சென்டரிலிருந்து போன் செய்து திருப்தியா என்று கேட்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். திருப்தி இல்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். இரண்டில் எது பெரிது என்றால், நான் அந்த போனைத்தான் சொல்வேன். என்ன ஒன்று, மேல்முறையீடும் அதே துறையின் மேலதிகாரியிடம்தான் போகிறது.

பீகார் இன்னும் ஒரு படி போனது. ஆமாம், பீகார்தான், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 2015இல் குறைதீர் உரிமைக்குத் தனிச் சட்டமே போட்டு, 2016 ஜூன் 5 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே புகாரை விசாரிப்பவர் புகாருக்குள்ளான துறையின் ஆள் இல்லை, அதற்கென்றே நியமிக்கப்பட்ட தனி அலுவலர். அவர் முன்னால் புகார் கொடுத்தவரும் சம்பந்தப்பட்ட அதிகாரியும் வர வேண்டும், 60 வேலை நாளுக்குள் முடிவு வர வேண்டும். முடிவு எழுத்தில், கையில் கிடைக்கும். பிடிக்கவில்லை என்றால் அதற்கு மேல் இரண்டு முறையீடுகள். தவறும் அலுவலருக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். உத்தரவு போட்ட பிறகு அதை நிறைவேற்றுவதில் அங்கேயும் இழுபறி உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தன்மேல் வந்த புகாரைத் தானே மூடிக்கொள்கிற சுகம் அங்கே இல்லை.

“அப்படின்னா புகார் கொடுத்தவர் ஒத்துக்கொள்ளும் வரை மூடவே முடியாதே, சிலர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்களே?” நியாயமான கேள்விதான். மூடியதும் தகவல் வரட்டும், மறுப்பதற்கு பதினைந்து நாள் கொடுங்கள், வாய் திறக்காவிட்டால் முடிந்தது. மறுத்தால் அடுத்த நிலைக்குப் போகட்டும். கடைசி நிலையில் துறைக்கு வெளியே உள்ளவர் ‘இது முடியாது, இன்ன விதிப்படி’ என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். என் வாய் மூடலாம், என்னைக் கேட்காமல் என் புகார் மூடக் கூடாது.

பொய்ப் புகார் வரும் என்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. சாக்கடையை நானா கொண்டுவந்து ஊற்றினேன்?

“ஆள் பற்றாக்குறை சார், அவங்க நிலைமையும் பாருங்க.” பார்க்கிறேன். நிஜமாகவே பார்க்கிறேன். குழியில் இறங்குகிற ஆளின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஆள் போதாது என்று மேலே தெரிய வேண்டுமானால் கெடு தாண்டிய புகார்கள் சிவப்பாக நிற்க வேண்டாமா? எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டு, ஆள் கொடுங்கள் என்று கேட்டால் எவன் கொடுப்பான்? பொய்யாக மூடுகிற ஒவ்வொரு புகாரும் அந்தக் கீழ்நிலை ஊழியருக்கு எதிரான சாட்சி. இது எனக்குத் தெரிகிறது, அவர்களுக்காக வந்து என்னிடம் சண்டை போடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

ஓடிபி சொன்னால்தான் மூட முடியும் என்று வைத்தால் போதும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன் வரும். “ஓடிபி சொல்லுங்க, அப்பத்தான் ஆள் அனுப்ப முடியும்.” கீழ் வீட்டு அக்காவுக்கு ஓடிபி இல்லாமலே போன வாரம் போன் வந்தது. “ஏம்மா ஆப்ல போட்டீங்க, நேர்ல சொல்லியிருக்கலாமே, எங்க பேரைக் கெடுக்கணுமா?” மிரட்டல் என்று சொல்ல முடியாது, குரலும் மரியாதையாகத்தான் இருந்ததாம். ஆனால் அவர் இனிமேல் எதிலும் பெயர் போட மாட்டேன் என்கிறார். புகார் கொடுத்தவரின் எண்ணை, புகாருக்குள்ளானவர் திரையில் ஏன் காட்டுகிறீர்கள்? வங்கிக் கார்டு எண்ணை மறைக்கத் தெரிகிறது, இதை மறைக்கத் தெரியவில்லை. அவர் பெயர் போடாததும் ஒருவகையில் புகார் குறைந்த கணக்கில்தான் சேரும், அதற்கும் கைதட்டுவார்கள்.

நான் விடப் போவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். புகாரை மூடிய அலுவலரின் பதவி, மூடிய தேதியும் நேரமும், மூடுமுன் இடத்தைப் பார்த்ததற்கான பதிவின் நகல், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள், நீட்டித்தால் 45. அதற்குப் பிறகு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நான் அதை 90 நாளுக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அவர்கள் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் இல்லை.