படித்தவர்தானே, எப்படி ஏமாந்தார் என்று கேட்பவர்களுக்கு

பங்கு முதலீட்டு மோசடியில் கோத்தகிரி ஆசிரியையின் பணம் போன செய்திக்குக் கீழே நம் ஊர்க்காரர்கள் எழுதியிருப்பதை எல்லாம் படித்தேன். "கணக்குப் பாடம் எடுத்தவருக்கு இதுகூடத் தெரியாதா?" "பேராசை பெருநஷ்டம்." எழுதியவர்களில் பலர் அவரிடமே படித்தவர்கள். நானும் அவர் மாணவன்தான். புகார் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். அவர் சம்மதத்துடன்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் சோதிக்காமல் ஏமாறவில்லை. சோதித்துப் பார்த்துத்தான் ஏமாந்தார்.

அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்ததும், அதை நடத்துவதாகச் சொன்ன பங்குத் தரகு நிறுவனத்தின் பெயர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இருந்தது. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் மோசடிக்காரர்கள் எடுத்துப் போட்டிருந்தார்கள். பிறகு 10,000 ரூபாய் மட்டும் போட்டார். அவர்கள் கொடுத்த செயலி 12,400 என்று காட்டியது. 2,000 ரூபாயை எடுத்துப் பார்த்தார். வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. உங்களில் எத்தனை பேர் இவ்வளவு பார்ப்பீர்கள்? அவர் எந்தச் சோதனையைச் செய்வார் என்று தெரிந்தே, அதில் தேறுவதற்கு 2,000 ரூபாயை அவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்து 50,000, பிறகு 3 லட்சம். அதன்பின் ஒரு புதுப் பங்கு வெளியீடு. கேட்டதைவிட அதிகப் பங்குகள் ஒதுக்கப்பட்டுவிட்டன, நாளைக்குள் 5,40,000 கட்டாவிட்டால் கணக்கு முடங்கும் என்றார்கள். உண்மையான வெளியீட்டில் விண்ணப்பத் தொகை நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். கேட்டதற்கு மேல் ஒரு பங்கும் ஒதுக்க மாட்டார்கள். இது தெரியாததற்குப் பேராசை என்று பெயரா?

இப்போது திரையில் 24 லட்சம். எடுக்கப் போனால், 15 லட்சம் லாபத்துக்கு 20 சதவீத வரி, 3 லட்சத்தை முன்னதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினார். அடுத்து, சரிபார்ப்புக்கு ஒன்றரை லட்சம் கேட்டார்கள். அப்போதுதான் என்னை அழைத்தார்.

"9 லட்சம் போட்டதோடு விட்டிருக்கலாமே" என்பவர்களுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். பச்சைத் தேயிலைக்குப் பணம் பாக்கி வைத்த தொழிற்சாலைக்கே மேலும் மேலும் இலை போட்டார். நிறுத்தினால் பழைய பாக்கி வராது என்ற பயம். வீட்டில் எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. அப்பா முட்டாள் இல்லை. போட்ட பணத்தைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு, அடுத்த தொகை செலவாகவே தெரியாது. மீட்கும் வழியாகத் தெரியும். ஆசிரியை 3 லட்சம் கட்டியது லாபத்துக்காக அல்ல. போன 9 லட்சத்துக்காக.

அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதுவரை ஒரு ரூபாயும் போடவில்லை என்றால், முகம் தெரியாத இந்த ஆளுக்கு இன்று 3 லட்சம் கொடுப்பேனா? இன்னொன்று, வரியை அந்த 24 லட்சத்திலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுப்பார்கள், ஏனென்றால் அங்கே பணமே இல்லை. பங்கு லாபத்துக்கான வரியை நாம்தான் வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம். பணத்தை விடுவிக்கத் தரகு நிறுவனம் அதை முன்கூட்டி வாங்குவதில்லை.

அவர் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயரை எழுதி வைத்திருந்தார். ஐந்து தொகை, ஐந்து பெயர். ஒன்று ஏதோ துணிக்கடை. நிறுவனத்தின் பெயர் ஒன்றில்கூட இல்லை. பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் அந்தப் பெயரைப் பாருங்கள். மற்ற எதையும்விட அது உங்களைக் காப்பாற்றும்.

வங்கி தடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

என் கோபம் வேறு. குழுவில் ஒரு பெண் தினமும் "அம்மா, சாப்பிட்டீர்களா, மூட்டுவலி எப்படி" என்று விசாரித்திருக்கிறாள். வெளியூரில் இருக்கும் மகன்கூட அவ்வளவு கேட்டதில்லை. "லாபம் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள், கண் படும்" என்று வாயைக் கட்டியதும் அவள்தான். சந்தேகம் வந்த பிறகும் அவர் நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. ஏன் டீச்சர் என்று கேட்டேன். "ஊர் சிரிக்கும்" என்றார். இப்போது சிரிக்கிறீர்கள். பணம் ஏதோ ஒரு கணக்கில் நிற்கும் முதல் சில மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்தால்தான் அதை முடக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தை அவரிடமிருந்து பறித்தது இந்தச் சிரிப்பு. நாளை உங்கள் அம்மாவும் இதைப் படித்துவிட்டு வாய் திறக்க மாட்டார்.

இன்னும் முடியவில்லை. போன வாரம் "வக்கீல்" ஒருவர் அழைத்து, 25,000 கட்டினால் முழுப் பணத்தையும் மீட்டுத் தருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. பணத்தை மீட்க முன்பணம் கேட்பவரும் மோசடிக்காரரே. ஆசிரியை இம்முறை உடனே என்னிடம் சொன்னார். அந்த எண்ணையும் cybercrime.gov.in தளத்தில் பதிந்துவிட்டோம்.