திறந்திருந்தும் மூடிய கதவு

"கிரிப்டோவுக்கு விடுமுறையே இல்லை, எந்த நேரமும் பணமாக்கிவிடலாம்."

முதல் பாதி சரி. பங்குச் சந்தை என்பது வங்கி, கொடுக்கல் வாங்கலை முடித்துவைக்கும் தீர்வகம், அலுவலக நேரம் ஆகியவற்றோடு பிணைந்தது. கிரிப்டோ கணக்குகள் பதிவாகும் பிளாக்செயினுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் டாலர் இன்னமும் வங்கியில்தான் இருக்கிறது.

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய யுஎஸ்டிசி என்ற கிரிப்டோ நாணயத்துக்கு ஈடாக வைத்திருந்த இருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. சனிக்கிழமை வங்கிகள் இயங்காததால், நாணயத்தைக் கொடுத்து டாலராக மாற்ற வழி குறுகியது. சந்தையோ திறந்தே இருந்தது! பயந்தவர்கள் 90 சென்ட்டுக்கும் கீழே விற்றார்கள். வைப்புத்தொகை முழுதும் கிடைக்கும் என்று ஞாயிறன்று அமெரிக்க அரசு அறிவித்ததும் விலை மீண்டது. பதறி விற்றவர்களுக்குத்தான் நஷ்டம்.