கொழும்பு வழியாக வந்தால் மட்டும் மிளகுக்கு வரிச்சலுகை கிடைத்துவிடாது

“எந்த நாட்டு மிளகானாலும் கொழும்பில் கப்பல் ஏறினால் போதும், ஒரு சர்டிபிகேட் வைத்தால் வரிச்சலுகை உண்டு.”

கம்பம், குமுளி வியாபாரிகளே, இப்படிப் பரவும் செய்தி தவறு. இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் இறக்குமதி வரிச்சலுகைக்கு மிளகு இலங்கையில் விளைந்திருக்க வேண்டும். வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கி, தூசி நீக்கி, சாக்கு மாற்றினாலும் அது வியட்நாம் மிளகுதான், இலங்கைச் சலுகை கிடைக்காது. அப்புறம், விளைந்த நாட்டைக் காட்ட வர்த்தக சபை தரும் சாதாரண மூலச் சான்றிதழ் செல்லாது, இலங்கை வணிகத் திணைக்களம் இந்த ஒப்பந்தத்துக்கென்றே தருவது வேண்டும். அது இருந்தாலும், 2020 செப்டம்பர் 21 முதல் உள்ள கரோட்டர் என்ற இந்தியச் சுங்க விதிப்படி விளைந்த இடத்துக்கான விவரங்களை இறக்குமதியாளரே திரட்டி 5 வருடம் வைத்திருக்க வேண்டும். சுங்கத்துறை கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் சலுகை போய்விடும். சுங்கச் சட்டம் 28DA பிரிவை cbic.gov.in தளத்தில் நீங்களே பாருங்கள், தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.