சாய்வு ஃபூட்டிங்குக்குச் சராசரிப் பரப்பு சரிவராது

தூணுக்கு அடியில் மேலே குறுகி வரும் சாய்வு ஃபூட்டிங்குக்குக் காங்கிரீட் அளவு எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு ஒருவர் இங்கே சொன்ன பதில்: “மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் கூட்டி, ரெண்டால வகுத்து, உயரத்தால பெருக்குங்க. காங்கிரீட் அளவு வந்துடும்.”

இல்லை, கூடுதலாக வரும். கீழே 2 × 2 மீ, மேலே 0.5 × 0.5 மீ, சாய்வின் உயரம் 0.45 மீ என்று வையுங்கள். அவர் கணக்கில் 0.956 கன மீட்டர். ப்ரிஸ்மாய்டல் வாய்பாட்டில் கீழ்ப் பரப்பு, நடு உயரத்தில் உள்ள பரப்பின் நான்கு மடங்கு, மேல் பரப்பு மூன்றையும் கூட்டி, உயரத்தில் ஆறில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். அந்த நடுப்பரப்புக்குப் பக்கங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும்: 1.25 × 1.25 = 1.5625.

V = 0.45/6 × (4 + 4×1.5625 + 0.25) = 0.7875

ஒரு ஃபூட்டிங்குக்கே 0.17 கன மீட்டர் வித்தியாசம், பில்லில் இது சின்ன விஷயமில்லை. இங்கே பதில் சொன்ன இன்னொரு நண்பர் ப்ரிஸ்மாய்டல் வாய்பாட்டைச் சரியாகச் சொல்லிவிட்டு, நடுப்பரப்புக்கு இரு பரப்புகளின் சராசரியைப் போட்டிருக்கிறார். அப்படிப் போட்டால் மறுபடி அதே 0.956தான். பிரமிடு போல மேலே குறுகும் பெடஸ்டலுக்கும் இதே முறைதான்.

அப்புறம், படிப்படியாக அமைந்த ஃபூட்டிங்குக்கு எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டவருக்கு: ஒவ்வொரு படியையும் தனித்தனியாக நீளம் × அகலம் × உயரம் போட்டுக் கூட்டுங்கள், போதும்.