நோட்டீஸ் விட்டா புரோநோட்டு காலம் நீளாது

"வக்கீல் நோட்டீஸ் விட்டாச்சுல்ல, இனி புரோநோட்டு காலாவதியே ஆகாது."

அண்ணே, இது தப்பு, இதை நம்பி யாரும் காசை விட்டுராதீங்க. கேட்டதும் தரணும்னு 5.8.2022-ல எழுதுன நோட்டுன்னா 5.8.2025-க்குள்ள கோர்ட்ல கேஸ் போட்டிருக்கணும், நோட்டீஸ் அதை ஒரு நாள்கூட தள்ளி வைக்காது. வட்டி கட்டுனதை நோட்டுல வரவு வெச்சா காலம் நீளும்னு தேவகோட்டை அண்ணன் சொன்னது பாதிதான் சரி, அந்த மூணு வருஷத்துக்குள்ள கடன் வாங்குனவரே நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதி தேதியோட கையெழுத்து போட்டிருந்தாதான் வட்டி கட்டுன நாள்லேருந்து புதுசா மூணு வருஷம், நாமளே எழுதிக்கிட்டா செல்லாது. ஜிபேல வந்த வட்டிக்கு வக்கீல்கிட்ட காட்டித்தான் கேக்கணும். தேதி தாண்டிட்டா எதிர்தரப்பு வாயே தெறக்கலைன்னாலும் ஜட்ஜே கேஸை தள்ளுபடி பண்ணிருவாரு, கடன் நெசமாவே இருந்தாலும்.