கால்விரல் இடுக்கைப் பாருங்கள்

"அம்மாவுக்கு அதே இடது காலில்தான் செல்லுலைட்டிஸ் மறுபடி மறுபடி வருகிறது, பென்சிலினை வருடக்கணக்கில் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், ஆனால் செல்லுலைட்டிஸ் என்பது தோலுக்கடியில் பாக்டீரியா பரவும் தொற்று என்பதால், முதலில் கிருமி நுழையும் வழியைத் தேட வேண்டும். காசிமேட்டில் ஐஸ் தண்ணீரில் நின்று மீன் விற்கும் ஒரு பெண்மணிக்கு மூன்றாவது முறையாகக் கால் சிவந்து வீங்கியபோது, சுண்டுவிரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். தோல் வெளுத்து ஊறி, நடுவில் வெடித்திருந்தது. அந்தச் சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு தந்து, தினமும் காலைக் கழுவியபின் இடுக்குகளை ஈரமின்றித் துடைக்கவும், வறண்ட கெண்டைக்காலில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவவும் சொன்னேன்.

ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர்க் குழாய்களைச் சிதைத்து வீக்கத்தை மிச்சம் வைப்பதால், அதே கால் அடுத்த தாக்குதலுக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. 2013-இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து ஆய்வில், பென்சிலின் வி 250 மி.கி. தினம் இரு வேளை ஓராண்டு எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. மாத்திரையை நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பு நீடிக்கவில்லை. உடல் பருமனும் நாள்பட்ட கால்வீக்கமும் உள்ளவர்களுக்குப் பலனும் குறைவே. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.